படிக்கட்டுக்கு அடியில் ஒரு பீரோ

எங்கள் பள்ளியில் மாடிப்படிக்கு அடியில் ஒரு பச்சை இரும்பு பீரோ நிற்கிறது. அதன் சாவி 19 வருடங்களாக என் கைப்பையில்தான் இருக்கிறது. நான் கோயம்புத்தூரில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் தொடக்க வகுப்பு ஆசிரியை. வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம், தொலைந்த பொருட்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஒரு மூத்த ஆசிரியை ஓய்வு பெறும்போது என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். மாலையில் வேன்கள் எல்லாம் கிளம்பிய பிறகு, எங்கள் ஆயாம்மா ஒவ்வொரு வகுப்பாகப் பெருக்கிக்கொண்டே வருவார். மேசைக்கு அடியில் கிடந்தது, ஜன்னல் கம்பியில் தொங்கியது, கைகழுவும் இடத்தில் நின்றது எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டு என்னிடம் கொண்டுவருவார். நான் ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்ப்பேன். பெயர் இருந்தால் மறுநாள் காலை முதல் மணி அடிப்பதற்குள் அந்தக் குழந்தையின் மேசைக்குப் போய்விடும். பெயர் இல்லாவிட்டால் பீரோவுக்குள் போகும்.

பிள்ளையின் பொருள் காணாமல் போனால் பெற்றோர் முதலில் நினைப்பது யாரோ எடுத்துக்கொண்டார்கள் என்றுதான். எத்தனையோ அம்மாக்கள் கண்கலங்க வந்து நின்றிருக்கிறார்கள். பொருள் பெரும்பாலும் பள்ளியை விட்டு வெளியே போயே இருக்காது. என் பீரோவில், இரண்டாவது தட்டில் இருக்கும். அவர்களையே அழைத்துப்போய்க் காட்டினால், ஒரே மாதிரி நீல பாட்டில்கள் ஏழு நிற்கும். "இதுல எது மிஸ் நம்மளுது?" என்று என்னையே கேட்பார்கள். அந்த ஏழில் எது யாருடையது என்று அம்மாவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை, குழந்தைக்கும் தெரியவில்லை. பொருள் தொலைவது என்பது பெரும்பாலும் இதுதான்: பொருள் கண்முன்னே இருக்கும், அது யாருடையது என்பதுதான் தொலைந்துபோயிருக்கும்.

ஏன் இப்படி ஆகிறது என்று வெளியே இருப்பவர்களுக்குப் புரிவது கஷ்டம். ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள். நாற்பது பேருக்கும் ஒரே துணி, ஒரே தையல், ஒரே கடை. பெண் பிள்ளைகளுக்குச் சட்டைக்கு மேல் ஒரு ஓவர்கோட் உண்டு. மத்தியானம் பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடித்ததும், வெக்கை தாங்காமல் அதைக் கழற்றி பெஞ்சில் போடுவார்கள். சாப்பிட்டு, கை கழுவி, விளையாடி வரும்போது எது யாருடையது என்று தெரியாமல் கிடைத்ததை மாட்டிக்கொள்வார்கள். அளவு பெரிதாக இருந்தால்கூடக் குழந்தை கவனிப்பதில்லை. இன்னொரு நேரம் பி.டி. பீரியட். பெல்ட், டை, ஐடி கார்டு மூன்றையும் கழற்றி மைதானத்து மேடை ஓரத்தில் குவித்துவிட்டு ஓடுவார்கள். மூன்றாவது நேரம் மாலை 3:40, வேன் மணி. ஐந்து நிமிடத்தில் ஏற வேண்டும் என்ற பதற்றத்தில் சாப்பாட்டுப் பை அப்படியே நின்றுவிடும். எனக்கு வரும் பொருட்களில் பெரும்பங்கு இந்த மூன்று நேரங்களில் விட்டுப்போனவைதான்.

சில வருடங்களுக்கு முன் ஏப்ரல் மாதக் கடைசி வேலைநாளில், பீரோவைக் காலி செய்ய எல்லாவற்றையும் எடுத்து இரண்டு மேசையில் பரப்பினேன். எழுபதுக்கு மேல் இருந்தன. பெயரே எழுதாத பொருட்களைத்தான் எதிர்பார்த்தேன். ஆச்சரியம் என்னவென்றால், அவற்றில் இருபதுக்கும் மேற்பட்டவற்றில் யாரோ ஒருவர் பெயர் எழுதியிருந்தார். எழுதியும் திரும்பிப் போகவில்லை. அன்று மாலை ஒரு நோட்டை எடுத்து, ஒவ்வொரு பெயரும் ஏன் பயன்படாமல் போனது என்று வரிசையாக எழுதினேன். இந்த வேலையை நான் கற்றுக்கொண்டது அந்த நோட்டிலிருந்துதான்.

எவர்சில்வர் டிபன் பாக்ஸ்களில் மார்க்கர் பேனாவால் எழுதியிருந்தார்கள். சிடி மேல் எழுதுவோமே, அந்தப் பேனா. அழியாது என்று அட்டையிலேயே போட்டிருப்பார்கள். காகிதத்திலும் பருத்தித் துணியிலும் அந்த மை உள்ளே இறங்கிப் பிடித்துக்கொள்ளும். எவர்சில்வரில் இறங்குவதற்கு இடமில்லை. மேலே ஒரு மெல்லிய படலமாகத்தான் நிற்கும். பாத்திரம் தேய்க்கும் நார் நாலு நாள் பட்டால் போய்விடும். கைகழுவும் சானிடைசர் ஒரு சொட்டு பட்டால் அப்போதே கரைந்துவிடும், ஏனென்றால் மையும் ஸ்பிரிட்டில் கரைவதுதான், சானிடைசரும் ஸ்பிரிட்தான். நான் பார்த்த டப்பாக்களில் ஒன்றில் ஒரு 'ரா' மட்டும் மிச்சம் இருந்தது, இன்னொன்றில் ஒரு இனிஷியலின் பாதி.

பாட்டில்களில் கார்ட்டூன் படம் போட்ட காகித லேபிள் ஒட்டி, மேலே செல்லோடேப் சுற்றியிருந்தார்கள். பார்க்க அழகாக இருக்கும். டேப்பின் ஓரத்தில் தண்ணீர் நுழையும், உள்ளே காகிதம் ஊறும், எழுத்து நீலக் கறையாகக் கலையும். குளிர்ந்த தண்ணீர் ஊற்றும் பாட்டில் என்றால் வெளிப்புறம் வேர்க்கும், இன்னும் சீக்கிரம் போய்விடும்.

சில டப்பாக்களில் மூடியில் மட்டும் பெயர் இருந்தது. மூடி ஒரு குழந்தையிடம், டப்பா இன்னொரு குழந்தையிடம். பாட்டிலிலும் இதே கதை. பெயர் எழுதிய மூடியை வேறு பாட்டிலுக்குப் போட்டு மூடிவிட்டால், அது அந்தப் பாட்டிலின் பெயராகிவிடுகிறது. பெயர் இல்லாததைவிட இது மோசம், ஏனென்றால் தவறான குழந்தைக்குப் போய்ச் சேரும்.

கடைசியாக, பெயர் தெளிவாக, அழியாமல் இருந்தவை. 'ஹரிணி' என்று ஒரு டை. எங்கள் பள்ளியில் அந்த வருடம் ஹரிணிகள் ஒன்பது பேர். 'எஸ். ஹரிணி' என்று இருந்திருந்தாலும் மூன்று பேர். 'யு.கே.ஜி. – ஏ' என்று மட்டும் எழுதிய ஒரு ஸ்வெட்டர், குழந்தை யு.கே.ஜி. முடித்து ஒன்றாம் வகுப்பு போய், அதுவும் முடியப் போகிறது. வகுப்பும் பிரிவும் ஜூன் மாதம் மாறிவிடும், துணி மாறாது. பழைய வகுப்பு எழுதிய துணி, இந்த வருடம் அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கும் வேறு நாற்பது பேரிடம் என்னைத் தேடவைத்தது.

நோட்டில் காரணங்களை எழுதிவிட்டேனே தவிர, என்ன செய்தால் சரியாகும் என்று எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. அதைச் சொல்லிக்கொடுத்தது ஒரு பாட்டி.

அடுத்த வருடம் நான்காம் வகுப்பில் படித்த ஒரு பெண் குழந்தையின் ஓவர்கோட் காணாமல் போனது. அது அவளுடைய பெரியப்பா மகள் போட்டு வளர்ந்த பிறகு இவளுக்கு வந்தது. கழுத்துப்பட்டியின் உட்புறத்தில் அக்காவின் பெயரும் '5 பி' என்றும் எழுதியிருந்தது. இவள் பெயரை யாரும் எழுதவில்லை, பழைய பெயரை யாரும் அடிக்கவும் இல்லை. மத்தியானம் கழற்றிப் போட்டது, மாலை ஆயாம்மாவின் கூடைக்கு வந்தது. நான் பெயரைப் பார்த்தேன். அந்த அக்கா அப்போது எட்டாம் வகுப்பில் இருந்தாள். மறுநாள் காலை அவள் வகுப்புக்கு அனுப்பினேன். "இது சின்ன சைஸ், என்னுது இல்ல மிஸ்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டாள். மூன்று வருடத்துக்கு முன் தான் போட்டது, தங்கைக்குக் கொடுத்தது என்பதெல்லாம் அந்த நிமிடத்தில் அவளுக்குத் தோன்றவில்லை. ஐந்தாம் வகுப்பு பி பிரிவில் கேட்டேன், அங்கேயும் யாருடையதும் இல்லை. ஓவர்கோட் பீரோவுக்குள் போனது. அந்த வீட்டில் இரண்டு வாரம் தேடிவிட்டுப் புதிதாக ஒன்று தைக்கக் கொடுத்துவிட்டார்கள். இதற்கிடையில் அந்தக் குழந்தை ஓவர்கோட் இல்லாமல் வந்ததற்காகத் தினமும் காலைக் கூட்டத்தில் தனி வரிசையில் நின்றாள். இன்றும் அதை நினைத்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. அவளுடைய துணி, அவள் நின்ற இடத்திலிருந்து முப்பது அடி தூரத்தில் என் பூட்டுக்குள் இருந்தது.

மூன்றாவது வாரம் குழந்தையின் பாட்டி, அம்மாவைப் பெற்றவர், பள்ளிக்கு வந்தார். அவர் குடும்பம் தலைமுறையாகச் சலவைத் தொழில் செய்தது. "டீச்சரம்மா, அந்தப் பொட்டியக் கொஞ்சம் தெறந்து காட்டுங்க, நானே பாத்துக்கறேன்" என்றார். தொங்கிய பதினோரு ஓவர்கோட்டுகளில் எதிலும் அவர் கழுத்துப்பட்டியைப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றின் அக்குள் பக்கத்து உள்தையலை மட்டும் விரலால் தள்ளிப் பார்த்துக்கொண்டே போனார். ஆறாவதில் நிறுத்தினார். தையல் ஓரத்தில், உள்ளே, சிவப்பு நூலில் மூன்று சின்னப் புள்ளித் தையல்கள். "இது நம்மளுதுங்க" என்றார். பேத்திக்கு அந்தத் துணி வந்த அன்றே, தன் பழக்கத்தில் அவர் போட்டு வைத்த குறி அது. வீட்டில் வேறு யாருக்கும் அது தெரியாது.

அன்று அவரை உட்காரவைத்து ஒரு மணிநேரம் பேசினேன். ஊரில் நூறு வீட்டு வெள்ளை வேட்டிகள் ஒரே வெள்ளாவியில் வேகும், ஆனாலும் ஒரு வேட்டிகூட வீடு மாறிப் போகாது என்று அவர் சொன்னபோது, என் பதினோரு ஓவர்கோட்டுகள் ஒரு பிரச்சினையே இல்லை என்று தோன்றியது. அவர் மாமியார் காலத்தில் சேங்கொட்டைச் சாற்றால் குறி போடுவார்களாம். கொட்டையை ஊசியால் குத்தி, கசியும் சாற்றைத் துணி ஓரத்தில் வைத்து, மேலே சுண்ணாம்பு தடவினால் கறுத்துப் பிடித்துக்கொள்ளும். துணி கிழியும்வரை போகாது. அந்தச் சாறு தோலில் பட்டால் கொப்புளித்துப் புண்ணாகிவிடும் என்பதால் யாரும் வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம். ஆனால் குறி வைக்கும் முறைக்கு அவர் சொன்ன மூன்று விஷயங்களும் இன்றைக்கும் அப்படியே பொருந்துகின்றன.

முதலாவது, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே குறி, அது மாறவே கூடாது. இரண்டாவது, எல்லாத் துணியிலும் ஒரே இடம். தேடுபவர் கண்ணை மூடிக்கொண்டே அந்த இடத்துக்குப் போக வேண்டும். மூன்றாவது, தேய்மானமும் வேர்வையும் குறைவாகப் படும் இடமாகப் பார்க்க வேண்டும். "குறி நமக்கு இல்லைங்க டீச்சரம்மா. நம்ம துணி நமக்குத் தெரியும். அடுத்தவங்க கையில கெடைக்கும்போது அவங்களுக்குத் தெரியணும்" என்றார். பாட்டியின் மூன்று புள்ளித் தையலில் இருந்த ஒரே குறையும் அதுதான். அவருக்குத் தெரிந்தது, எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஜூன் மாதமும் பெற்றோர் கூட்டத்தில் நான் சொல்வது இதைத்தான். மாறாத குறி என்று ஒவ்வொரு குழந்தைக்கும் பள்ளியே ஒன்று கொடுத்திருக்கிறது. அதுதான் சேர்க்கை எண், அட்மிஷன் நம்பர். ரோல் நம்பர் வருடா வருடம் மாறும். வகுப்பு மாறும், பிரிவு மாறும், பள்ளிக்குள் ஒரே பெயரில் ஒன்பது பேர் வருவார்கள். சேர்க்கை எண் மட்டும், குழந்தை எங்கள் பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து டி.சி. வாங்கிப் போகும் நாள்வரை ஒன்றுதான். கட்டண ரசீதில் இருக்கும், பல பள்ளிகளில் ஐடி கார்டிலும் இருக்கும். நான்கு இலக்க எண் என்றால் எழுத விரல் நுனி அளவு இடம் போதும். '4172' என்று ஒரு டையின் பின்புறம் இருந்தால், நான் அலுவலகப் பதிவேட்டைத் திறந்து அரை நிமிடத்தில் குழந்தையைக் கண்டுபிடித்துவிடுவேன். இடம் இருந்தால் எண்ணோடு இனிஷியலும் பெயரும் எழுதுங்கள். இடம் இல்லாவிட்டால் எண் போதும்.

அக்கா அண்ணனிடமிருந்து வந்த துணி என்றால், பழைய எண்ணின் மேல் நேராக ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் புதிய எண்ணை எழுத வேண்டும். இந்த ஒரு கோடும் புதிய எண்ணும் இருந்திருந்தால் அந்தக் குழந்தை மூன்று வாரம் தனி வரிசையில் நின்றிருக்க மாட்டாள்.

எதில் எழுதுவது என்பது பொருளைப் பொறுத்தது. துணிக்கு நான் சொல்வது நாடா. தையல் சாமான் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் வெள்ளைப் பருத்தி நாடா, அரை அங்குல அகலம். இரண்டு அங்குலத் துண்டுகளாக வெட்டி, துணிக்கென்றே வரும் மார்க்கரால் எண்ணை எழுதி, மை காய்ந்ததும் மேலே ஒரு துணியைப் போட்டு இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டினால் எழுத்து நன்றாகப் பிடிக்கும். பிறகு ஓரங்கள் உள்ளே மடங்க, நாலு பக்கமும் தைக்க வேண்டும். இரண்டு முனையை மட்டும் தைத்தால் குழந்தையின் விரல் நடுவில் நுழைந்து ஒரே வாரத்தில் பிய்த்துவிடும். யூனிஃபார்ம் துணியில் பெரும்பாலும் பாலியஸ்டர் கலந்திருக்கும். அதில் நேரடியாக எழுதினால் மை பரவும், பிறகு வெளுக்கும். அதனால்தான் நாடா. இஸ்திரி போட்டாலே ஒட்டிக்கொள்ளும் லேபிள்கள் இப்போது கிடைக்கின்றன. சட்டைக்குச் சரி, ஆனால் இழுபடும் சாக்ஸிலும் ஸ்வெட்டரின் நெளிவுப்பட்டியிலும் அவை நிற்பதில்லை.

இடம் எப்போதும் ஒன்றே. சட்டைக்கும் ஓவர்கோட்டுக்கும் ஸ்வெட்டருக்கும் கழுத்தின் உட்பக்கம், அளவு எழுதிய பட்டிக்குக் கொஞ்சம் கீழே. காலர் மடிப்பின் மேலேயே வைத்தால் வேர்வையும் எண்ணெயும் பட்டுச் சீக்கிரம் மங்கும். பாவாடைக்கும் கால்சட்டைக்கும் இடுப்புப்பட்டியின் உட்பக்கம், பின் நடுவில். டைக்கு அகலமான முனையின் பின்புறம். பெல்ட்டுக்கு பக்கிளுக்கு ஒரு விரற்கடை தள்ளி உட்பக்கம். ஷூவுக்கு நாக்கின் உட்புறம். அடிப்பாகத்தில் எழுதினால் ஒரு மாதம் தாங்காது. ஷூவும் சாக்ஸும் ஜோடி என்பதால் இரண்டிலும் எழுத வேண்டும். ஒற்றைச் சாக்ஸ் என்னிடம் எவ்வளவோ இருக்கின்றன.

எவர்சில்வருக்கு நம் ஊரில் காலங்காலமாக ஒரு வழி இருக்கிறது. பாத்திரக் கடையில் பேர் வெட்டுவது. கல்யாணச் சீர்ப் பாத்திரத்தில் இனிஷியலோடு பேர் வெட்டி வாங்காத வீடே நம் பக்கம் குறைவு. அதே கடையில் டிபன் பாக்ஸைக் கொடுங்கள். டர்ர்ர் என்று அதிரும் சின்ன மெஷினால், புள்ளி புள்ளியாக எண்ணை வெட்டிக் கொடுப்பார்கள். நார் தேய்த்தாலும் போகாது. டப்பாவில் ஒன்று, மூடியில் ஒன்று, உள்ளே பொரியல் வைக்கும் சின்னக் கிண்ணத்தில் ஒன்று, ஸ்பூனில் ஒன்று என்று நான்கையும் சேர்த்தே கொடுத்துவிட வேண்டும். ஒரே ஓர் எச்சரிக்கை: சூடும் குளிர்ச்சியும் நிற்கும் இரட்டைச் சுவர் பாட்டிலில் இப்படி வெட்டாதீர்கள். அதன் வெளிச்சுவர் மெல்லிசு. இரண்டு சுவருக்கும் நடுவில் காற்றே இல்லாத வெற்றிடம் இருப்பதால்தான் சூடு நிற்கிறது. வெட்டில் சின்ன ஓட்டை விழுந்தால் அது சாதாரணப் பாட்டிலாகிவிடும். அதற்குத் தண்ணீர் படாத வினைல் ஸ்டிக்கர் வாங்கி, ஒட்டும் இடத்தை முதலில் ஸ்பிரிட்டால் துடைத்து உலரவிட்டு ஒட்டி, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படாமல் வைத்துவிட்டுப் பிறகு பயன்படுத்தலாம். இல்லாவிட்டால் பாட்டிலின் தோள்வாரில் நாடாவைத் தைத்துவிடலாம். வார் கழன்றுவருகிற மாதிரி இருந்தால் பாட்டிலின் மேலும் ஒன்று வேண்டும்.

பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் டப்பாவுக்கும் நான் கண்ட நல்ல வழி மிக எளிமையானது. அடிப்பகுதியில் வெளிப்புறம், ஜியோமெட்ரி பாக்ஸ் காம்பஸின் முனையால் எண்ணை மெதுவாகக் கீறிவிட்டு, கீறலின் மேல் மார்க்கரை ஓட்டி, மேலே படிந்த மையைத் துடைத்துவிட வேண்டும். கீறலுக்குள் இறங்கிய மை லேசில் போகாது. போனாலும் கீறல் இருக்கும். இதைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும், ஆழமாகவும் கீறக் கூடாது.

பைக்கு மட்டும் வேறு யோசனை தேவை. பையின் வெளியே பெரிதாகப் பெயர் எழுதி அனுப்புகிறார்கள். தெருவில் போகும் முன்பின் தெரியாத ஒருவர், "ஹரிணி, அம்மா கூப்பிடறாங்க வா" என்று பெயர் சொல்லி அழைத்தால் குழந்தை தெரிந்தவர் என்று நம்பிவிடும். அதனால் பெயர் எப்போதும் உட்பக்கம்தான், மேல் ஜிப்பைத் திறந்ததும் தெரியும் இடத்தில். பை பஸ்ஸிலோ ஆட்டோவிலோ தங்கினால் கண்டெடுப்பவருக்கு எங்கள் சேர்க்கை எண் பயன்படாது. அதனால் பையிலும் சாப்பாட்டுப் பையிலும் மட்டும் அப்பா அல்லது அம்மாவின் கைபேசி எண்ணையும் எழுத வேண்டும். எண்ணை மாற்றினால் இதையும் மாற்ற வேண்டும். பழைய எண்ணுக்கு நான் போன் செய்து, யாரோ ஒருவர் எடுத்து, விழித்த நாட்கள் உண்டு.

என் தங்கை ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் வேலை செய்கிறாள். அங்கே சீருடை, காலணி, புத்தகப்பை எல்லாம் அரசு கொடுப்பது. பள்ளி முழுக்க ஒரே பை, ஒரே நிறம். அவள் வகுப்பில் ஒவ்வொரு குழந்தையும் வீட்டிலிருந்து ஒரு பழைய துணிக் கிழிசல் கொண்டுவரும். அம்மாவின் பழைய சேலைத் துண்டு, அப்பாவின் லுங்கித் துண்டு. அதைப் பையின் கைப்பிடியில் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். எழுத்துத் தெரியாத ஒன்றாம் வகுப்புக் குழந்தையும், முப்பது பைகளுக்கு நடுவில் தன் அம்மாவின் சேலையை ஓடிவந்து தொட்டுவிடும். நான் இதைப் பார்த்த பிறகு எல்.கே.ஜி. பெற்றோருக்கும் இதையே சொல்கிறேன். எண் எனக்கு, சேலைத் துண்டு குழந்தைக்கு. பெயர் எழுதும்போது குழந்தையைப் பக்கத்தில் உட்காரவைத்து, எங்கே எழுதுகிறீர்கள் என்று தொட்டுக் காட்டுங்கள். எங்கே பார்ப்பது என்று தெரிந்த பிள்ளை, சாப்பாட்டு மணிக்குப் பிறகு கழுத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் மாட்டும்.

இவ்வளவு செய்தாலும் சில பொருட்கள் திரும்பாது. மழைநாளில் பஸ்ஸில் விட்ட குடை திரும்பாது. பென்சிலும் ரப்பரும் எழுதினாலும் தங்காது, அதற்கு மெனக்கெட வேண்டாம். வெள்ளிக்கிழமை விட்டுப்போன சாப்பாட்டு டப்பாவில் மிச்ச சோறு இருந்தால், திங்கட்கிழமைவரை வைக்க முடியாது. எறும்பும் நாற்றமும் வந்துவிடும். பெயர் இருந்தால் ஆயாம்மா கழுவிக் கவிழ்த்து வைப்பார். பொருள் காணோம் என்று தெரிந்தால் மறுநாளே வந்து கேளுங்கள். அப்போது முந்தைய நாள் கூடையில் வந்ததை மட்டும் பார்த்தால் போதும். ஒரு மாதம் கழித்து வந்தால் பீரோ முழுவதையும் கிளற வேண்டும்.

வருடக் கடைசியில் யாரும் கேட்காத பொருட்களைத் தலைமை ஆசிரியையின் அனுமதியோடு துவைத்து, தேவைப்படும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுகிறோம். அது நல்ல காரியம்தான். ஆனால் அந்த ஓவர்கோட்டுக்காக ஒரு அப்பா இரண்டாவது முறை பணம் கட்டியிருப்பார், ஒரு குழந்தை வீட்டில் திட்டு வாங்கியிருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

ஓவர்கோட்டுக்காக வந்த அந்தப் பாட்டி அன்று கிளம்பும் முன், என் மேசையில் இருந்த வெள்ளை நாடாவில் பேத்தியின் எண்ணை என்னை எழுதச் சொல்லி, தன் சுருக்குப்பையிலிருந்த ஊசியால் அங்கேயே நாலு பக்கமும் தைத்தார். அந்த ஓவர்கோட்டை அவள் ஆறாம் வகுப்புவரை போட்டாள். நடுவில் இரண்டு முறை தொலைத்தாள். இரண்டு முறையும் மறுநாள் காலை முதல் மணிக்கு முன் அவள் மேசையில் இருந்தது.

ஜூனில் பள்ளி திறப்பதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மாலை, ஒரு மணிநேரம் ஒதுக்குங்கள். கட்டண ரசீதை எடுத்துச் சேர்க்கை எண்ணைப் பாருங்கள். நாடாவும் ஊசியும் மார்க்கரும் எடுத்துக்கொண்டு பிள்ளையோடு உட்காருங்கள். உங்கள் பிள்ளையின் பொருள் என் கையில் கிடைக்கும்போது, அது யாருடையது என்று அந்தப் பொருளே எனக்குச் சொல்லட்டும்.